மாடியில் குளித்தால் கீழே பொங்குகிறது: அசோசியேஷனுக்கு எழுதிய இரண்டு மெசேஜ்கள்

எங்கள் குடியிருப்பு சென்னையில் இருக்கிறது. தரைத்தளமும் மேலே மூன்று மாடிகளுமாக 16 வீடுகள், கட்டி முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. பக்கத்துப் பக்கத்து வீடுகளின் குளியலறைகள் முதுகோடு முதுகாக இருப்பதால், நடுவில் இருக்கும் டக்டில் இறங்கும் ஒரே 4 இன்ச் குழாய்தான் எட்டுக் குளியலறைகளுக்கும். எட்டில் கீழே இருக்கும் இரண்டு, என்னுடைய ஜி-2, பக்கத்து மாமியின் ஜி-3.

ஒருநாள் காலை ஏழு மணி வாக்கில் குளியலறைக் கதவைத் திறந்தால் தரையில் சோப்பு நுரையோடு கலங்கிய தண்ணீர், கணுக்கால் அளவுக்கு இல்லை, ஆனால் வாசல் படியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. வீட்டில் அதுவரை யாரும் குளிக்கவில்லை. அரை மணி நேரத்தில் தானாகவே இறங்கிவிட்டது, கொஞ்சம் முடியும் ஒரு ஷாம்பு பாக்கெட் கிழிசலும் மட்டும் தரையில் மிச்சம். எங்கள் வீட்டில் அந்த ஷாம்பு வாங்குவதே கிடையாது.

நாலு நாள் கழித்து மறுபடி வந்தது. அன்றைக்கு நான் அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் போட்ட மெசேஜை அப்படியே தருகிறேன், எப்படி எழுதக்கூடாது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்காது:

"மேலே இருப்பவர்கள் கண்டதையும் குழாயில் போடுவதால் எங்கள் வீட்டில் சாக்கடை வருகிறது. இதே உங்கள் வீட்டில் நடந்தால் சும்மா இருப்பீர்களா? அசோசியேஷன் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா?"

இரண்டு நிமிஷத்தில் பதில்கள் குவிந்தன. "நாங்க எதுவும் போடறதில்லை சார்." "மழைக்காலத்துல எல்லா இடத்துலயும் இப்படித்தான்." "தரைத்தளம் வாங்கினா இதெல்லாம் இருக்கும்னு தெரிஞ்சுதானே வாங்கினீங்க." செக்ரட்டரி சார் மட்டும் ப்ளம்பரை அனுப்புகிறேன் என்றார். ப்ளம்பர் பதினொரு மணிக்கு வந்தார், ஒரு வாளித் தண்ணீரை என் குளியலறையில் ஊற்றினார், சர்ரென்று போனது. "ஒண்ணும் இல்லையே சார்" என்றார். குழுவிலும் அதையே எழுதிவிட்டார்கள். அடைப்பு இல்லை, பிரச்சினை தீர்ந்தது.

பதினொரு மணிக்கு ஏன் ஒன்றும் இல்லை என்பதைப் புரிந்துகொள்ள எனக்கு மூன்று வாரம் ஆனது. குழாய் முழுதாக அடைத்திருந்தால் எந்த நேரமும் பொங்கும், ப்ளம்பர் வரும்போதும் பொங்கும், யாரும் வாதாட மாட்டார்கள். எங்கள் குழாய் பாதி அடைத்திருந்தது. ஒரு வீட்டுத் தண்ணீரை அது மெதுவாக விட்டுவிடும், காலையில் மூன்று வீடுகள் ஒன்றாகக் குளித்தால் வருகிற வேகத்துக்குப் போகிற வேகம் ஈடுகொடுக்காது. மிஞ்சுகிற தண்ணீர் குழாயில் மேலேறும், ஏறும்போது முதலில் கிடைக்கிற திறப்பு வழியாக வெளியே வரும். அந்த முதல் திறப்பு கீழ்வீட்டுக் குளியலறைத் தரையில் இருக்கும் ஃப்ளோர் ட்ராப், அதாவது ஜாலி போட்ட அந்த ஓட்டை. கழிவறைக் கோப்பையின் விளிம்பு அதைவிட ஓர் அடிக்கு மேல் உயரத்தில் இருப்பதால் அங்கே தண்ணீர் வழியாது, குபுகுபு என்று காற்று மட்டும் வரும். அந்தச் சத்தம்தான் எங்களுக்கு இரண்டு நிமிஷ முன்னறிவிப்பு.

கணக்கு ரொம்ப எளிது. 4 இன்ச் குழாயில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 8 லிட்டர் தண்ணீர்தான் பிடிக்கும். அடியில் குழாய் திரும்புகிற இடத்திலிருந்து என் ஃப்ளோர் ட்ராப் ஒன்றரை அடி உயரத்தில் இருக்கிறது, அந்த உயரத்துக்கு 4 லிட்டர்கூட வேண்டாம். இரண்டு வீட்டுக் கிளைக் குழாய்கள் நிரம்புவதையும் சேர்த்துக்கொண்டால் ஒரு வாளி, அவ்வளவுதான் எங்களுக்கு இருக்கிற இடைவெளி. அதற்கு மேல் மிஞ்சுகிற ஒவ்வொரு சொம்பும் எங்கள் தரைக்குத்தான். மூன்றாம் மாடியில் இருப்பவருக்கு இது தெரியவே வாய்ப்பில்லை. அவர் பொய் சொல்லவில்லை, அவர் வீட்டில் எல்லாம் நன்றாகத்தான் போகிறது. முதல் மெசேஜை எழுதும்போது எனக்கு இந்த நியாயம் தோன்றவில்லை.

மாமி வேறு வழி கண்டுபிடித்திருந்தார். ஜாலியின் மேல் பாலிதீன் உறை, அதன் மேல் அம்மிக் குழவி. முதல் இரண்டு தடவை தாங்கியது, மூன்றாவது தடவை குழவி ஆடிக்கொண்டே நகர்ந்து தண்ணீர் பீய்ச்சியது. அதுவும் அதே கணக்குதான்: குழாயில் தண்ணீர் ஜாலிக்கு மேல் ஒரு மீட்டர் ஏறினால் 4 இன்ச் திறப்பை அடியிலிருந்து ஏறக்குறைய 8 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். மாமியின் குழவி ஐந்து கிலோ இருந்தால் அதிகம்.

அப்புறம் குறிப்பு எடுக்க ஆரம்பித்தேன். சமையலறைக் காலண்டரிலேயே, தேதிக்குப் பக்கத்தில் எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு நேரம் நின்றது, நாங்கள் அப்போது தண்ணீர் புழங்கினோமா என்று மூன்றே விஷயம். மூன்று வாரத்தில் 11 தடவை. வாரநாட்களில் எல்லாமே காலை 6:40-க்கும் 8:15-க்கும் நடுவில், ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து மணிக்கு மேல், அதுவும் நுரை அதிகமாக. ஞாயிறு வாஷிங் மெஷின் நாள் என்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை தேவையில்லை. மதியத்தில் ஒருமுறைகூட வரவில்லை. இரண்டு நாள் வேண்டுமென்றே எங்கள் குளியலறைக்குப் போகும் வால்வை மூடி வைத்துவிட்டுக் காத்திருந்தேன், அப்போதும் வந்தது. நம் வீட்டு ட்ராப் அடைத்திருந்தால் நாம் ஊற்றும் தண்ணீர் தேங்கும், ஊற்றாத தண்ணீர் வராது. இந்த ஒரு வித்தியாசத்தை எழுதிக் காட்டியதும் "உங்க வீட்டு அடைப்பு" என்ற பேச்சு முடிந்தது.

மழை என்ற வாதம் மிச்சம். அதற்குச் சேம்பரைத் திறந்து பார்க்க வேண்டும். டக்டுக்கு வெளியே 12 அடி தள்ளி நடைபாதையில் எங்கள் குழாயின் சேம்பர் இருக்கிறது, அங்கிருந்து இன்னும் இரண்டு சேம்பர்கள் வழியாகத் தெருவில் இருக்கும் மேன்ஹோலுக்குப் போகிறது. தெருச் சாக்கடை நிரம்பித் திரும்பினால் மூன்று சேம்பரும் நிறைந்து நிற்கும். நடுவில் எங்காவது அடைப்பு என்றால் அடைப்புக்கு மேல்பக்கச் சேம்பர் நிறைந்தும் கீழ்ப்பக்கச் சேம்பர் காலியாகவும் இருக்கும். ஒரு சனிக்கிழமை காலை 7:10-க்கு என் குளியலறையில் தண்ணீர் நிற்கும்போதே வாட்ச்மேன் அண்ணனும் நானும் முதல் சேம்பர் மூடியை நெம்பித் தூக்கினோம். அடியில் மெல்லிய ஓட்டம் மட்டும், சேம்பர் கிட்டத்தட்டக் காலி. ஆக, சிக்கல் தெருவிலும் இல்லை, வளாகத்துக்குள் ஓடும் லைனிலும் இல்லை. டக்டின் அடிக்கும் அந்தச் சேம்பருக்கும் நடுவில் இருக்கும் 12 அடிக்குள்தான். குளியலறைத் தண்ணீரையும் காலிச் சேம்பரையும் ஒரே வீடியோவில், வெட்டாமல், நடந்துகொண்டே எடுத்தேன்.

ஒரு விஷயம் இடையில் சொல்லிவிடுகிறேன். இந்த மூன்று வாரத்தில் யாரோ சொன்னார்கள் என்று மாமியின் பையன் ஒரு பாட்டில் ஆசிட் வாங்கி ஊற்றினார். துணியோ சிமென்டோ அடைத்திருந்தால் ஒரு பாட்டில் ஆசிட் அதை நகர்த்தாது, அதோடு மறுநாள் ராடு விட வருகிறவர் கையில்தான் அது தெறிக்கும். அதே தரையை ப்ளீச்சிங் பவுடரால் கழுவினால் இன்னும் மோசம், ஆசிட்டும் ப்ளீச்சிங்கும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், மூடிய குளியலறையில் அது விளையாட்டு இல்லை. பொங்கி வடிந்த பிறகு நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு அப்புறம் ப்ளீச்சிங் போடுங்கள், ஆசிட் பக்கமே போகாதீர்கள்.

கேசரி பவுடர் சோதனை

இது என் மனைவியின் யோசனை. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு, யாரும் தண்ணீர் புழங்காத நேரத்தில், செக்ரட்டரி சாரையும் ட்ரெஷரர் மேடத்தையும் என் குளியலறையில் நிற்க வைத்தோம். மேலே மூன்று வீடுகளில் ஆளுக்கு ஒரு 20 லிட்டர் வாளியில் கேசரி பவுடர் கலந்து ரெடியாக வைத்திருந்தார்கள் (மூன்று பேரும் சம்மதிக்க, முதல் மெசேஜுக்கு நான் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது). முதலில் மூன்றாம் மாடியில் ஒரு வாளி மட்டும் ஊற்றினார்கள். என் ட்ராப்பில் தண்ணீர் கொஞ்சம் ஆடியது, வெளியே வரவில்லை. அடுத்து இரண்டு வீடுகளில் ஒன்றாக. குபுகுபு சத்தம், ஜாலி வழியாக ஆரஞ்சு நிறத்தில் எட்டிப் பார்த்தது. மூன்று வாளியும் ஒன்றாக ஊற்றியபோது செக்ரட்டரி சார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஹாலுக்கு வந்துவிட்டார். ப்ளம்பரின் ஒரு வாளிச் சோதனை ஏன் ஒன்றும் காட்டவில்லை என்பதற்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அன்று இரவு எழுதியதுதான் இரண்டாவது மெசேஜ். குழுவிலும் போட்டேன், அச்செடுத்துக் கையெழுத்தோடு அசோசியேஷன் ஃபைலிலும் கொடுத்தேன், ஏனென்றால் வாட்ஸ்அப்பில் போட்டது இரண்டு நாளில் குட்மார்னிங் படங்களுக்கு அடியில் போய்விடும்.

"அனைவருக்கும் வணக்கம். ஜி-2, ஜி-3 இரண்டு வீடுகளின் சார்பில் எழுதுகிறேன். என் முந்தைய மெசேஜில் மேல்வீட்டுக்காரர்களைக் குறை சொன்னது தவறு, வருந்துகிறேன்.

நடப்பது இது. கடந்த மூன்று வாரத்தில் 11 முறை, எங்கள் வீட்டில் தண்ணீர் புழங்காதபோதும், குளியலறைத் தரை வழியாகக் கழிவுநீர் மேலே வந்திருக்கிறது. தேதி, நேரம் இணைத்திருக்கிறேன். அதே நேரத்தில் நடைபாதைச் சேம்பர் காலியாக இருந்தது, வீடியோ இணைத்திருக்கிறேன். எனவே தெருச் சாக்கடையோ மழையோ காரணமில்லை. டக்டின் அடியிலிருந்து சேம்பர் வரையுள்ள 12 அடிக் குழாயில் பாதி அடைப்பு இருக்கிறது. இன்று செக்ரட்டரி, ட்ரெஷரர் முன்னிலையில் சோதித்துப் பார்த்தோம்.

இந்த 12 அடி எட்டு வீடுகளின் தண்ணீரும் போகிற பொதுக் குழாய். எங்கள் வீட்டுக் கிளைக் குழாய் பொதுக் குழாயில் சேரும் இடம் வரை எங்கள் செலவு, அதில் ஏதாவது கோளாறு என்றால் நாங்களே சரிசெய்கிறோம்.

நாங்கள் கேட்பது இரண்டு. ஒன்று, இந்த வாரத்துக்குள் ராடு விட்டுத் தற்காலிகமாகச் சுத்தம் செய்வது. இரண்டு, சுத்தம் செய்த உடனே குழாய்க்குள் கேமரா விட்டு எதனால் அடைக்கிறது என்று பார்ப்பது. என்ன வேலை செய்வது, யார் செலவு என்பதைக் கேமரா படத்தைப் பார்த்த பிறகு கூட்டத்தில் பேசிக்கொள்வோம். அதுவரை காலை 6:30 முதல் 8:30 வரை இந்த வரிசை வீடுகளில் வாஷிங் மெஷின் போடாமல் இருந்தால் பெரிய உதவி.

சுத்தம் செய்ய வருபவர்கள் வெளியிலிருந்தே ராடு, மெஷின் பயன்படுத்த வேண்டும். யாரையும் மேன்ஹோலிலோ தொட்டியிலோ இறக்கக்கூடாது, பாதுகாப்புச் சாதனங்கள் இல்லாமல் இறக்குவது கையால் கழிவு அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்."

பணத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் எழுதவில்லை, அது திட்டமிட்டதுதான். காரணம் தெரிவதற்கு முன்னால் 'யார் கட்டுவது' என்று ஆரம்பித்தால் அந்தக் கூட்டம் அங்கேயே நின்றுவிடும். மறுநாள் மதியத்துக்குள் கமிட்டி சம்மதித்துவிட்டது.

கேமராவில் என்ன தெரிந்தது

ராடு விட்ட அன்று ஈரத் துடைப்பான்கள், முடி, ஒரு பழைய துணி எல்லாம் வந்தன. எல்லோரும் அதோடு திருப்தியாகி, கேமரா வேண்டாம், காசு மிச்சம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. வழவழப்பான பிவிசி குழாயில், சரியான சாய்மானத்தில், முடியும் துணியும் தானாகப் போய் நிற்காது. ஏதோ ஒன்று அதைப் பிடித்து வைக்கிறது. அதை எடுக்காமல் துணியை மட்டும் எடுத்தால் சில வாரத்தில் மறுபடி வரும்.

கேமரா வந்தது, செக்ரட்டரி சாரின் லேப்டாப்பில் எல்லோரும் பார்த்தோம். டக்டின் அடியில், நேராக இறங்கும் குழாய் படுக்கைக் குழாயாகத் திரும்பும் இடத்தில், ஒரே ஒரு கூர்மையான 90 டிகிரி எல்போ. அதன் உள்வளைவில் சாம்பல் நிறத்தில் கெட்டியாக ஒரு திட்டு, குழாயின் பாதி வாயை அடைத்துக்கொண்டு, கரடுமுரடாக. சிமென்ட் பால். டைல்ஸ் போடும்போது மேஸ்திரிகள் சட்டி கழுவிய தண்ணீரைக் குளியலறை ஓட்டையில் ஊற்றுவார்கள், அது கீழே வந்து வேகம் குறையும் முதல் இடத்தில் படிந்து இறுகிவிடும். மூன்று மாடி உயரத்திலிருந்து விழுகிற தண்ணீர் வேகம் குறைகிற இடம் இந்த எல்போதான். சேம்பர் பக்கமிருந்து விட்ட ராடு எல்போவில் முட்டித் துணியைக் குத்தி இழுத்ததே தவிர, திட்டைத் தொடவே இல்லை.

"யார் வீட்டு சிமென்ட்?" என்று உடனே ஒரு கேள்வி. இந்த வரிசையில் ஏழு வருஷத்தில் மூன்று வீடுகள் டைல்ஸ் மாற்றியிருக்கின்றன, அதில் என்னுடையதும் ஒன்று (என் தண்ணீர் எல்போ வழியாகத்தான் போகும் என்பதால் நானும் சந்தேகப் பட்டியலில் உண்டு). திட்டைப் பார்த்து அது யாருடையது என்று சொல்ல முடியாது. விட்டுவிட்டோம்.

அதைவிட முக்கியமாக இன்னொன்று தெரிந்தது. என் கிளைக் குழாயும் மாமியுடையதும் எல்போவுக்குக் கொஞ்சம் மேலேயே பொதுக் குழாயில் சேர்கின்றன. கட்டியபோது அப்படி இல்லை, கீழ்வீட்டுக் குளியலறைகளுக்குச் சேம்பர் வரை தனி லைன் இருந்தது, பழைய வார்ப்பிரும்புக் குழாயின் முனை சேம்பர் சுவரில் இன்னும் இருக்கிறது. சில வருஷம் முன்னால் எல்லாவற்றையும் பிவிசிக்கு மாற்றியபோது நடைபாதையை இரண்டு வரிசையாக உடைக்க வேண்டாமே என்று கான்ட்ராக்டர் எங்களையும் பொதுக் குழாயிலேயே சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். மேலிருந்து விழும் தண்ணீர் அடியில் திரும்பும் இடத்தில், அடைப்பே இல்லாவிட்டாலும், ஒரு கணம் தேங்கி அழுத்தம் கூடும். அந்த இடத்துக்கு இவ்வளவு பக்கத்தில் கீழ்வீட்டை இணைப்பது எப்போதுமே வம்புதான், நுரை அதிகம் வரும் வாஷிங் மெஷின் தண்ணீருக்கு இரட்டை வம்பு.

கூட்டத்தில் இரண்டு யோசனைகள் வந்தன. முதலாவது, கீழ்வீடுகளில் தண்ணீரைத் திரும்பி வர விடாத நான்-ரிட்டர்ன் வால்வு வைப்பது. செலவு குறைவு, எங்கள் இரண்டு வீட்டோடு முடிந்துவிடும். இதற்குப் பெரிய ஆதரவு இருந்தது, நான் பலகையில் ஒரு கணக்குப் போடும்வரை. கீழே வாயை மூடிவிட்டால் தண்ணீர் எங்கே போகும்? குழாயில் மேலே ஏறும். ஒரு மாடி உயரம் 3 மீட்டர், மீட்டருக்கு 8 லிட்டர், அதாவது 24 லிட்டர் தேங்கினால் முதல் மாடிக் குளியலறைக்குப் போய்ச் சேரும். முதல் மாடி அங்கிள் அதுவரை செல்போன் பார்த்துக்கொண்டிருந்தார், அப்போதுதான் நிமிர்ந்தார்.

இரண்டாவது யோசனைதான் நிறைவேறியது. எல்போவை வெட்டி எறிந்துவிட்டு இரண்டு 45 டிகிரி பெண்டுகளாகத் திருப்பினார்கள், அதற்கு மேலே ஒரு டோர் டீ, அதாவது திருகுக் கதவு வைத்த இணைப்பு, இனி அடைத்தால் அங்கேயே திறந்து பார்க்கலாம். கீழ்வீடுகள் இரண்டுக்கும் சேர்த்துச் சேம்பர் வரை தனி 4 இன்ச் லைன். சாய்மானத்தில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். 4 இன்ச் குழாய்க்கு 40-க்கு 1 என்பது பழைய நடைமுறை விதி, 12 அடிக்கு மூன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் மேல் இறங்க வேண்டும். மேஸ்திரி கண்ணளவில் வைத்ததை டியூப் லெவல் பிடித்துப் பார்த்தால் ஒரு இன்ச்தான் இருந்தது. "தண்ணி போகுது இல்ல சார்" என்றார். தண்ணீர் போகும் அண்ணே, கூட வருவது நின்றுவிடும் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே அடியில் மணலைப் பறித்துச் சரியாக வைத்தார்.

செலவு, கேமராவோடு சேர்த்து, 16 வீடுகளுக்கும் சமமாகப் பிரிந்தது. மற்ற வரிசைக்காரர்கள் 'எங்களுக்கு என்ன சம்பந்தம்' என்று கேட்டார்கள். மொட்டை மாடி ஒழுகியபோது நாங்கள் தரைத்தளத்திலிருந்தே பங்கு கொடுத்தோம் என்பதை ட்ரெஷரர் மேடம் பழைய ரசீதோடு எடுத்துக் காட்டினார், அந்தப் பேச்சு முடிந்தது.

மூடுவதற்கு முன்னால் கேசரி பவுடர் சோதனையை மறுபடி செய்தோம். மூன்று வாளி ஒன்றாக. என் ட்ராப்பில் அசைவே இல்லை, சேம்பரில் ஆரஞ்சுத் தண்ணீர் சளசளவென்று வந்து விழுந்தது. இதற்கும் ஒரு எல்லை உண்டு: பெருமழையில் தெருச் சாக்கடை நிரம்பிச் சேம்பரே நிறைந்தால் தனி லைன் எங்களைக் காப்பாற்றாது, அந்த வழியாகவே திரும்பி வரும். அதனால் இப்போதுதான் அந்த நான்-ரிட்டர்ன் வால்வு, எங்கள் சொந்தச் செலவில், சேம்பருக்குள் எங்கள் லைனின் வாயில் போட்டிருக்கிறோம். இதில் மேல்வீட்டுத் தண்ணீர் வராது என்பதால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை, அது மூடியிருக்கும் நேரத்தில் நாங்கள் குளிக்காமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மூடியின் ஓரத்தில் முடி சேர்ந்தால் சரியாக மூடாது, அதனால் மாதம் ஒருமுறை சேம்பரைத் திறந்து வெளியிலிருந்தே துடைக்கிறேன்.

டைல்ஸ் வேலை செய்பவர்கள் சட்டி கழுவும் தண்ணீரை ட்ரம்மில் பிடித்து வெளியே கொண்டுபோக வேண்டும் என்று ஒரு விதி சேர்த்திருக்கிறார்கள். அடுத்த வரிசையின் டக்டிலும் அதே கான்ட்ராக்டர்தான் வேலை செய்தார், அங்கேயும் அடியில் அதே எல்போ இருக்கிறது, ஜி-1-க்கும் ஜி-4-க்கும் இன்னும் தண்ணீர் வரவில்லை. கேமரா விடுவதா வேண்டாமா என்பது அடுத்த மாதக் கூட்டத்தில் வருகிறது. மாமி குழவியை இன்னும் குளியலறையிலேயே வைத்திருக்கிறார்.